தொப்புள்கொடித் தமனியின் அலையில் டயஸ்டோல் இறுதியைப் படிப்பது

கேள்வி: என் தங்கைக்கு இப்போது 31 வாரம், தலைப்பிரசவம், இருப்பது பென்னாகரம். 29ஆம் வாரத்திலேயே வளர்ச்சி குறைவு என்றார்கள். நேற்று தர்மபுரியில் எடுத்த டாப்ளர் ரிப்போர்ட்டில் தொப்புள்கொடித் தமனிக்கு நேரே ‘AEDF’ என்று எழுதி, இரண்டு நாளில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் செவிலியர் பயிற்சி முடித்தவள். அந்த அலையை எப்படிப் படிப்பது? குழந்தையை உடனே எடுத்துவிட வேண்டுமா?

பதில்:

AEDF என்றால், இதயம் ஓய்வெடுக்கும் நேரத்தின் இறுதியில் அந்தத் தமனியில் ரத்த ஓட்டம் இல்லை என்று பொருள். அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு இன்றே அறுவை செய்ய வேண்டியதில்லை. ஆனால் அந்த இரண்டு நாளை பென்னாகரத்தில் வீட்டிலிருந்தபடி கழிக்கலாம் என்றும் நான் சொல்ல மாட்டேன். பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையில் இன்றே காட்டுங்கள். உங்களுக்குத் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வசதியாக இருக்கும். அங்கே ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்க்கப்பட வேண்டும், குழந்தையின் இதயத்துடிப்புப் பதிவு எடுக்கப்பட வேண்டும், டாப்ளரும் மறுபடி பார்க்கப்பட வேண்டும். இடையில் குழந்தையின் அசைவு குறைந்தாலோ, தங்கைக்குக் கடுமையான தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, உதிரப்போக்கு வந்தாலோ எதற்கும் காத்திராமல் 108-ஐ அழைத்துவிடுங்கள்.

இனி அலைக்கு வருகிறேன். தொப்புள்கொடித் தமனிகள் இரண்டும் குழந்தையின் உடலிலிருந்து நஞ்சுக்கொடிக்கு ரத்தத்தைக் கொண்டுபோகின்றன. ஆகவே அவற்றில் நாம் அளப்பது குழந்தை எவ்வளவு களைத்திருக்கிறது என்பதை அல்ல. எதிரே இருக்கும் நஞ்சுக்கொடி எவ்வளவு எளிதாக ரத்தத்தை வாங்கிக்கொள்கிறது என்பதையே. ஆரோக்கியமான நஞ்சுக்கொடியில் நுண்குழாய்கள் கோடிக்கணக்கில் கிளைத்திருப்பதால் தடை மிகக் குறைவு. இதயம் சுருங்கும்போது ரத்தம் வேகமாகப் பாய்கிறது, இதயம் விரிந்து ஓய்வெடுக்கும் டயஸ்டோல் நேரத்திலும் முன்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறது. கரும்பு வயலுக்குத் தண்ணீர் கட்டும்போது கடைமடைகள் ஒவ்வொன்றாக அடைந்துகொண்டே வந்தால், மோட்டார் ஓடும்போது மட்டும் வாய்க்காலில் ஓட்டம் தெரிந்து, நின்றதும் தண்ணீர் தேங்கி, மிகவும் அடைந்துவிட்டால் பின்னோக்கியும் தள்ளும். இங்கு நடப்பதும் அதுதான். பாடநூல்களில் சொல்லப்படும் கணக்கின்படி, நஞ்சுக்கொடியின் நுண்குழாய்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு பயனற்றுப் போன பிறகுதான் இந்த அளவீடு இயல்பைத் தாண்டத் தொடங்கும். டயஸ்டோல் இறுதியில் ஓட்டம் நின்றுபோவதற்கும் திரும்புவதற்கும் 60 முதல் 70 விழுக்காடு வரை போயிருக்க வேண்டும். அலை மாறியிருக்கிறது என்றால் நோய் நேற்று தொடங்கியதல்ல என்பது இதிலிருந்தே புரியும்.

படத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிடைமட்டம் நேரம், செங்குத்து வேகம், நடுவில் ஓடும் கோடு சுழியம். அடிக்கோட்டின் ஒரு பக்கத்தில் ரம்பப் பற்களைப் போல வரிசையாக எழுபவை தமனியின் அலைகள். மறுபக்கத்தில் பெரும்பாலும் ஏற்ற இறக்கமில்லாத ஒரு பட்டை தெரியும். அது தொப்புள்கொடிச் சிரை. ஒவ்வொரு பல்லும் செங்குத்தாக ஏறிச் சாய்வாக இறங்குகிறது. உச்சி S, அடுத்த பல் ஏறத் தொடங்குவதற்குச் சற்று முந்தைய, மிகத் தாழ்ந்த இடம் D. நீங்கள் பார்க்க வேண்டிய இடம் அந்த D ஒன்றுதான். இந்த மாதத்தில் இயல்பான அலையில் D அடிக்கோட்டிலிருந்து நன்றாக உயர்ந்து நிற்கும்; சாய்வு அடிக்கோட்டைத் தொடுவதற்குள் அடுத்த ஏற்றம் வந்துவிடும். சாய்வு அடிக்கோட்டைத் தொட்டு, அடுத்த ஏற்றம் வரை வெற்றிடம் தெரிந்தால் அது AEDF. சாய்வு அடிக்கோட்டைக் கடந்து மறுபக்கத்தில் சிறு பள்ளமாக இறங்கினால் அது REDF, அதாவது டயஸ்டோல் இறுதியில் ரத்தம் குழந்தையை நோக்கித் திரும்புகிறது.

கீழே அச்சாகியிருக்கும் எண்கள் இந்த S, D ஆகியவற்றிலிருந்தே வருகின்றன.

```
S/D
RI = (S − D) / S
PI = (S − D) / சராசரி வேகம்
```

D சுழியமானதும் முதல் எண்ணுக்குப் பொருளில்லாமல் போகிறது, ஏனெனில் சுழியத்தால் வகுக்க முடியாது; RI சரியாக 1-இல் நின்றுவிடுகிறது. அதன் பிறகு நிலைமை மோசமாகிக்கொண்டே போனாலும் அந்த இரண்டும் நம்பத்தக்க விதத்தில் அதைக் காட்டுவதில்லை. PI-யில் மட்டும் வகுப்பது சராசரி வேகம் என்பதால், ஓட்டம் நின்ற பிறகும் அது ஏறிக்கொண்டே போகும். தொடர்ந்து கண்காணிக்கும்போது PI-யையே பார்க்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். இயல்பான கர்ப்பத்தில் PI 28ஆம் வாரத்தில் சுமார் 1.1 இருந்து, நாள் நெருங்கும்போது சுமார் 0.8 வரை இறங்கும். ஆகவே எந்த எண்ணையும் வாரத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும். முதல் மூன்று மாதத்தில் டயஸ்டோல் இறுதியில் ஓட்டம் இல்லாமலிருப்பது இயல்பே. அதே படம் 31ஆம் வாரத்தில் வந்தால் இயல்பல்ல.

ஓட்டம் உண்மையிலேயே இல்லையா, அல்லது இருந்தும் கருவி காட்டவில்லையா என்பதைத்தான் நான் முதலில் தீர்த்துக்கொள்வேன். கருவியில் வால் ஃபில்டர் என்றொரு அமைப்பு உண்டு. ரத்தக்குழாய்ச் சுவரின் அசைவால் வரும் இரைச்சலை நீக்குவதற்காக, குறிப்பிட்ட அளவுக்குக் கீழான அதிர்வெண் மாற்றங்களை அது அழித்துவிடும். கூடவே மெதுவான ரத்த ஓட்டத்தையும் அழிக்கும். 3 மெகாஹெர்ட்ஸ் ஒலியில், கற்றைக்கும் குழாய்க்கும் இடைப்பட்ட கோணம் 60 பாகையாக இருக்கும்போது ஃபில்டரை 100 ஹெர்ட்ஸில் வைத்தால், விநாடிக்கு சுமார் 5 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஓட்டம் எதுவும் திரையில் வராது. கோணத்தைச் சுழியத்துக்கு அருகில் கொண்டுவந்து ஃபில்டரை 60 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால், அந்த எல்லை சுமார் 1.5 சென்டிமீட்டராகக் குறையும். D 4 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு முதல் அமைப்பில் AEDF என்றும், இரண்டாவது அமைப்பில் ஓட்டம் குறைந்தாலும் இருக்கிறது என்றும் ரிப்போர்ட் வரும். இரண்டுக்கும் சிகிச்சைப் பாதை வேறு வேறு.

இதைப் படத்திலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஃபில்டர் அழித்த படத்தில், அடிக்கோட்டை ஒட்டி அதன் இருபுறமும் ஒரே அகலத்தில் ஒரு கறுப்புப் பட்டை சீராக ஓடும். அலையின் சாய்வு அந்தப் பட்டையின் விளிம்பில் கத்தரித்ததுபோல் நின்றுவிடும். உண்மையான AEDF-இல் சாய்வு படிப்படியாகத் தேய்ந்து அடிக்கோட்டையே வந்து தொடும். படத்தின் ஓரத்தில் ‘WF’ அல்லது ‘WMF’ என்ற எழுத்துகளுக்கு அருகில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். அது 60-க்கு மேல் இருந்தால், குறைத்து வைத்து மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. ஒழுங்காக வேலை செய்பவர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இரண்டாவது, குழந்தையின் மூச்சசைவு. கருவில் குழந்தை மார்பை அசைத்து மூச்சுப் பழகும்போது அலைகளின் உயரமும் D-யும் ஒவ்வொரு துடிப்புக்கும் மாறும். அந்த நேரத்தில் மறுபக்கத்துச் சிரையின் பட்டையும் சமமாக இல்லாமல் நெளியும். சிரை நெளிந்தால் அந்தப் படத்தை விட்டுவிட்டு, குழந்தை அமைதியாகும் வரை காத்திருக்க வேண்டும். ஒரே மாதிரியான அலைகள் தொடர்ந்து குறைந்தது மூன்று வந்த பிறகுதான் அளக்க வேண்டும். பகல் ஒரு மணிக்கு வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் ஸ்கேன் அறையில் முதலில் கைவிடப்படுவது இந்தக் காத்திருப்பே.

மூன்றாவது, எந்த இடத்தில் அளந்தார்கள் என்பது. குழந்தையின் வயிற்றருகே தடை அதிகமாகவும், நஞ்சுக்கொடி அருகே குறைவாகவும் காட்டும். நீரில் மிதக்கும் கொடியின் நடுப்பகுதியில் அளப்பதே வழக்கம். முந்தைய ஸ்கேனோடு ஒப்பிடும்போது இரண்டும் அதே இடத்தில் எடுத்தவையாக இருக்க வேண்டும். ஒரு தமனியில் ஓட்டம் நின்றிருந்தால் மற்றதையும் பார்ப்பது என் பழக்கம். குழந்தையின் இதயத்துடிப்பு மிகக் குறைந்திருக்கும்போது டயஸ்டோல் நேரம் நீள்வதால் D தானாகவே தாழும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றையெல்லாம் கடந்தும் ஓட்டம் இல்லை என்பது உறுதியானால், அடுத்த கேள்வி வாரம். 31ஆம் வாரத்தில் குழந்தையை எடுத்தால் நுரையீரல் முதிராமை, மூளையில் ரத்தக்கசிவு, குடல் அழற்சி ஆகிய அபாயங்கள் உண்டு. உள்ளே விட்டால் ஆக்சிஜன் குறைந்து இறந்துவிடும் அபாயம் உண்டு. தொப்புள்கொடித் தமனி இரண்டாவது அபாயம் வந்துகொண்டிருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. எவ்வளவு அருகில் வந்துவிட்டது என்று சொல்ல மற்றவை தேவைப்படுகின்றன. அவற்றில் முக்கியமானவை டக்டஸ் வெனோசஸ் என்ற சிறு சிரையின் அலையும் இதயத்துடிப்புப் பதிவும். டக்டஸ் வெனோசஸில் ‘a’ என்று குறிக்கப்படும் பள்ளம் அடிக்கோட்டைத் தொட்டாலோ கடந்தாலோ, குழந்தையின் இதயமே திணறத் தொடங்கிவிட்டது என்று பொருள். 26 முதல் 32 வாரம் வரையுள்ள இத்தகைய கர்ப்பங்களை ஐரோப்பாவில் ஆராய்ந்த ட்ரஃபிள் ஆய்வும் இந்த இரண்டையும் வைத்தே பிரசவ நேரத்தைத் தீர்மானித்தது. அதன் இரண்டு வயது வரையிலான முடிவுகள் 2015இல் வெளியாயின.

நடைமுறையில், ஓட்டம் குறைந்திருந்தாலும் நிற்காத நிலையில், மற்றவை சரியாக இருந்தால் வாராந்தரக் கண்காணிப்போடு 37ஆம் வாரம் வரை கொண்டுபோகலாம். ஓட்டம் நின்றுவிட்டால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டாப்ளர் பார்த்து 33, 34 வாரங்களில் பிரசவம் என்று அமெரிக்கத் தாய்-கரு மருத்துவச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது. திரும்பிய ஓட்டம் என்றால் மருத்துவமனையில் சேர்த்து, தினமும் இதயத்துடிப்புப் பதிவு எடுத்து, 30 முதல் 32 வாரத்துக்குள் எடுத்துவிடச் சொல்கிறது. வழிகாட்டுதல்களுக்கிடையே ஓரிரு வார வேறுபாடு உண்டு. இந்த எல்லைகள் யாவும் மற்றவை எல்லாம் அமைதியாக இருக்கும் வரைக்குமே. இதயத்துடிப்புப் பதிவு கெட்டாலோ தாயின் ரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் போனாலோ எந்த வாரமானாலும் முடிவு மாறும்.

இது நடைமுறையில் எப்படிப் போகும் என்பதற்கு, ஒரே ஆளுடையதாக இல்லாமல் பலரிடம் பார்த்தவற்றைச் சேர்த்து ஓர் உதாரணம் சொல்கிறேன். சித்தேரி மலைப்பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண். முதல் மூன்று மாதத்து ஸ்கேன் இருப்பதால் வாரக்கணக்கில் ஐயமில்லை. 29ஆம் வாரத்தில் குழந்தையின் எடை மதிப்பீடு 940 கிராம். 3ஆம் சதமானத்துக்குக் கீழ். தமனியில் S விநாடிக்கு 42 சென்டிமீட்டர், D 9, சராசரி 21. PI = (42 − 9) / 21, அதாவது 1.57. அந்த வாரத்துக்கு மேல்வரம்பு சுமார் 1.4 முதல் 1.5 வரை இருக்க, இது சற்றே தாண்டியிருக்கிறது. ஒரு வாரத்தில் வரச் சொன்னார்கள். வீட்டில் யாருக்கும் கூட்டிவர முடியாததால் இரண்டு வாரம் கழித்து வருகிறார்.

31ஆம் வாரத்தில் எடை 1,110 கிராம். இரண்டு வாரத்தில் ஏறியது 170 கிராம் மட்டுமே. இந்தக் கட்டத்தில் ஏற வேண்டியது அதைப்போல் இரண்டு மடங்கு. வெளியே எடுத்த படத்தில் AEDF, ஃபில்டர் 120. மருத்துவமனையில் ஃபில்டரை 50-க்கு இறக்கி, கோணத்தை 20 பாகைக்குக் கொண்டுவந்து, குழந்தை மூச்சசைவை நிறுத்தும் வரை காத்திருந்து எடுத்தபோதும் சாய்வு தேய்ந்து அடிக்கோட்டைத் தொடுகிறது. S 38, D சுழியம், சராசரி 17, PI 2.24. இரண்டு தமனியிலும் அதேதான். டக்டஸ் வெனோசஸின் ‘a’ முன்னோக்கியே இருக்கிறது, இதயத்துடிப்புப் பதிவும் சரி. ரத்த அழுத்தம் மட்டும் 150/100, சிறுநீரில் புரதம் இருக்கிறது. சேர்த்துக்கொண்டு, அழுத்தத்துக்கு மருந்து தொடங்கி, நுரையீரல் முதிர்ச்சிக்காக டெக்சாமெத்தசோன் 6 மில்லிகிராம் ஊசி 12 மணி நேரத்துக்கு ஒருமுறையாக நான்கு தடவை போடப்படுகிறது.

இரண்டாம் நாள் ஸ்கேனில் டயஸ்டோல் இறுதியில் மெல்லிய ஓட்டம் திரும்ப வந்திருக்கிறது. உறவினர்கள், ‘ரத்த ஓட்டம் வந்துடுச்சே, ஊருக்குக் கூட்டிட்டுப் போறோம்’ என்று கிளம்புவது பெரும்பாலும் இந்த நாளில்தான். ஸ்டீராய்டு ஊசிக்குப் பிறகு சிலருக்கு இரண்டு மூன்று நாள் இப்படி ஓட்டம் தோன்றுவதும், பிறகு மறைவதும் நன்கு அறியப்பட்ட ஒன்று. நஞ்சுக்கொடி சரியாகிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. அந்த நாள்களின் PI-யை நான் வீட்டுக்கு அனுப்புவதற்கான காரணமாக எடுத்துக்கொள்வதே இல்லை. நான்காம் நாள் ஓட்டம் மறுபடி நின்றது. ஆறாம் நாள், 31 வாரம் 6 நாளில், அலையின் கடைசிப் பகுதி அடிக்கோட்டைக் கடந்து கீழிறங்கியது: S 36, D −6, சராசரி 14. கழித்தலில் D-யின் எதிர்க்குறி கூட்டலாகிவிடுவதால் PI = (36 + 6) / 14, சரியாக 3.0. அன்று இதயத்துடிப்புப் பதிவில் இயல்பான ஏற்ற இறக்கமும் மங்கி, கருப்பை சுருங்காமலேயே துடிப்பு இறங்கத் தொடங்கியது. குழந்தையின் மூளைப் பாதுகாப்புக்காகவும் தாய்க்கு வலிப்பு வராமலிருக்கவும் மெக்னீசியம் சல்ஃபேட் கொடுத்து, சிசேரியன் மூலம் 1,130 கிராம் குழந்தை எடுக்கப்பட்டது. திரும்பிய ஓட்டத்தோடு இருக்கும் குழந்தை பிரசவ வலியின் அழுத்தத்தைப் பெரும்பாலும் தாங்காது என்பதால்தான் சுகப்பிரசவத்துக்கு முயலவில்லை. அந்த ஆறு நாளில் குழந்தையின் எடை பெரிதாகக் கூடவில்லை. ஆனால் ஊசியின் முழுப்பலனும் கிடைத்தது, பிறப்பதற்கு முன்பே இன்குபேட்டரும் தயாராக இருந்தது.

உங்கள் தங்கைக்கும் இதே வரிசையில் நடக்கும் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். சிலருக்கு AEDF வாரக்கணக்கில் அப்படியே நிற்கும், சிலருக்கு ஒரே நாளில் மாறும். ரத்த அழுத்தம் ஏறியிருப்பவர்களுக்கு வேகம் அதிகம்.

ஓட்டத்தை அதிகரிக்க மருந்து இருக்கிறதா என்று அடுத்து கேட்பீர்கள். நஞ்சுக்கொடியில் அழிந்துபோன குழாய்களைத் திரும்ப உருவாக்கும் மருந்து இல்லை. அர்ஜினின் பொடியைக் குடித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அந்தப் பொடியைவிட அந்த நிம்மதியே எனக்குக் கவலை தருகிறது. சில்டெனாஃபில் கொடுத்துப் பார்த்த நெதர்லாந்து ஆய்வு, பிறந்த குழந்தைகளுக்கு நுரையீரல் ரத்த அழுத்தக் கோளாறு கூடியதால் 2018இல் நடுவிலேயே நிறுத்தப்பட்டது. யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள்.

இந்த அளவீட்டின் எல்லை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் தங்கைக்கு அடுத்து யாராவது இதே ரிப்போர்ட்டோடு உங்களிடம் வருவார்கள். 34ஆம் வாரத்துக்குப் பிறகு வளர்ச்சி குன்றும் குழந்தைகளில் தொப்புள்கொடித் தமனி முழுக்க இயல்பாகவே இருக்கக்கூடும். அங்கே மூளையின் நடுத்தமனியில் PI குறைவதும், வளர்ச்சிக் கோடு சதமானங்களைக் கடந்து இறங்குவதும்தான் துப்பு. ஆகவே ‘தமனி நார்மல்’ என்ற வரி 31ஆம் வாரத்தில் தரும் ஆறுதலை 37ஆம் வாரத்தில் தராது.

மருத்துவமனைக்குப் போகும்போது தட்டச்சு செய்த ரிப்போர்ட்டோடு, அலை தெரியும் படத்தாள்களையும், 29ஆம் வாரத்துப் படத்தையும், வாரத்தை உறுதிசெய்யும் முதல் ஸ்கேனையும், தாய்-சேய் அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘AEDF’ என்ற நான்கு எழுத்திலிருந்து யாராலும் ஃபில்டரையோ கோணத்தையோ தெரிந்துகொள்ள முடியாது. படத்தாள் இருந்தால் நேற்றைய D-யையும் இன்றைய D-யையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நான்கு எழுத்து சரிதானா என்பதை அங்குள்ளவர்கள் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார்கள்.